முத்திரை பயம்: பரீட்சைக்கு முன் "நீ யார்?" என்று கேட்டால் மதிப்பெண் குறையுமா?

பி.எட். மாணவர்களுக்குக் கல்வி உளவியல் எடுக்கிறேன். ஸ்டீரியோடைப் த்ரெட் பற்றிய வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்புறம் வராந்தாவில் நின்றுகொண்டு கேட்கும் கேள்விகள் முடிவதில்லை. வருஷா வருஷம் அதே கேள்விகள்தான், கேட்கும் முகங்கள்தான் வேறு. அதனால் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். அந்த ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாதவர்களுக்காக "முத்திரை பயம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். இங்கேயும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

முதல்ல சுருக்கமா சொல்லுங்க சார், முத்திரை பயம்னா என்ன?

"அவங்களுக்கெல்லாம் கணக்கு வராது" என்பது போல ஒரு கூட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த, நன்றாகப் படிக்கிற ஒரு மாணவி கடினமான கணக்குத் தேர்வில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாவது கேள்வியில் தடுமாறுகிறாள். வேறு யாராவது தடுமாறினால் அது வெறும் தடுமாற்றம். இவள் தடுமாறினால், "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகிவிடும். இந்த நெருடலே அவளுடைய கவனத்தைத் தின்று மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்பதுதான் கருத்து.

அவள் அந்தப் பேச்சை நம்ப வேண்டியதே இல்லை. அப்படி ஒரு பேச்சு இருப்பதும், மற்றவர்கள் அதை வைத்துத் தன்னை எடைபோடக்கூடும் என்பதும் தெரிந்திருந்தால் போதும்.

இதை யார் கண்டுபிடிச்சது? எப்படிச் சோதிச்சாங்க?

கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள். 1995-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில்தான் இந்தப் பெயரே வருகிறது. சோதனை நடந்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில். கறுப்பின மாணவர்களையும் வெள்ளையின மாணவர்களையும் அழைத்து, மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.யின் மொழிப் பகுதியிலிருந்து கடினமான கேள்விகளாகப் பொறுக்கி அரை மணி நேரத் தேர்வு வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைத்தவர்கள் என்றாலே யாரும் சோடை போனவர்கள் இல்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். அறிமுகமாகச் சொன்னதில்தான் வித்தியாசம். ஒரு பிரிவிடம், "இது உங்கள் மொழித்திறனை அளக்கும் தேர்வு" என்றார்கள். இன்னொரு பிரிவிடம், "மனிதர்கள் சிக்கல்களை எப்படித் தீர்க்கிறார்கள் என்று ஆராய்கிறோம், உங்கள் திறனை அளக்கவில்லை" என்றார்கள். திறனை அளக்கிறோம் என்று கேட்ட கறுப்பின மாணவர்கள், அப்படிக் கேட்காத கறுப்பின மாணவர்களைவிடக் குறைவாக எடுத்தார்கள். வெள்ளையின மாணவர்களிடம் அந்த அறிமுகம் அப்படி ஒரு சரிவை உண்டாக்கவில்லை.

அது பயம்தான்னு எப்படிச் சொல்ல முடியும்? அக்கறை இல்லாம எழுதியிருக்கலாமே?

நல்ல கேள்வி. அவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அக்கறை இல்லாதவர் வேகமாகக் கிறுக்கிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார். இங்கே நேர்மாறாக நடந்தது. முத்திரை பயம் இருந்த பிரிவினர் ஒவ்வொரு கேள்விக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, குறைவான கேள்விகளையே முடித்தார்கள். அவர்கள் முயற்சி செய்யாமல் இருக்கவில்லை. முயற்சி அளவுக்கு மேல் போய்க் காலை வாரியிருக்கிறது.

இன்னொரு சோதனையில் தேர்வைத் தொடங்காமலேயே நிறுத்திவிட்டு, எழுத்து விடுபட்ட சொற்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். தமிழில் செய்தால் இப்படி இருக்கும்: "சா_" என்று கொடுத்தால் "சாவி" என்றும் எழுதலாம், "சாதி" என்றும் எழுதலாம். மனதில் எது ஓடுகிறதோ அது கையில் வரும். "திறனை அளக்கப் போகிறோம்" என்று கேட்ட கறுப்பின மாணவர்களுக்குத்தான் இனம் சார்ந்த சொற்கள் அதிகம் வந்தன.

என்னை மிகவும் தொட்ட விவரம் அதே சோதனையில் இருக்கிறது. படிவத்தில் இனத்தைக் குறிக்க ஓர் இடம் விட்டு, விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்றார்கள். மற்ற பிரிவுகளில் எல்லோரும் நிரப்பினார்கள். திறனை அளக்கும் தேர்வு என்று கேட்ட கறுப்பின மாணவர்களில் நாலில் ஒருவர்தான் நிரப்பினார். மற்றவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள்.

ஒரு கட்டத்துல டிக் பண்றதுக்கே மார்க் குறையுமா? நம்பவே முடியலையே.

அந்தக் கட்டுரையின் கடைசிச் சோதனை அதைத்தான் பார்த்தது. இந்த முறை யாரிடமும் "உன் திறனை அளக்கிறோம்" என்று சொல்லவில்லை. தேர்வுக்கு முன் எல்லோரும் ஒரு சின்னப் படிவத்தை நிரப்பினார்கள். வயது, எந்த ஆண்டு படிக்கிறீர்கள் என்பது போன்ற சாதாரண விவரங்கள்தான். பாதிப் பேருடைய படிவத்தில் மட்டும் இனம் என்ன என்ற கேள்வியும் இருந்தது. அதை நிரப்பிவிட்டுத் தேர்வு எழுதிய கறுப்பின மாணவர்கள், நிரப்பாதவர்களைவிடக் குறைவாக எடுத்தார்கள்.

உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான். இந்தச் சோதனைகள் சிறியவை. சிலவற்றில் நாற்பது, ஐம்பது பேர்தான் கலந்துகொண்டார்கள். அவ்வளவு குறைவான பேரை வைத்துக்கொண்டு ஒரு பெரிய விளைவைக் கண்டோம் என்றால் கொஞ்சம் நிதானமாகத்தான் ஏற்க வேண்டும். அந்தப் பஞ்சாயத்துக்குக் கீழே வருகிறேன்.

தலைக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

மனக்கணக்கு போடும்போது இடையில் வரும் எண்ணைக் கொஞ்ச நேரம் நினைவில் பிடித்து வைத்திருக்கிறோம் இல்லையா, அந்த இடம் மிகச் சிறியது. செயல் நினைவு என்பார்கள். கவலையும் அங்கேதான் வந்து உட்காருகிறது. "தப்பாப் போகுதோ" என்று தன்னைத்தானே கண்காணிப்பது ஒரு வேலை. அந்த எண்ணத்தை விரட்டுவது இன்னொரு வேலை. மீதி இருக்கிற இடத்தில்தான் கணக்கு நடக்க வேண்டும்.

சியான் பைலாக்கும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர்களும் 2007-இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. அவர்கள் கொடுத்த கணக்கு இப்படிப்பட்டது:

51 ≡ 19 (mod 4)

இது சரியா, தவறா என்று சொல்ல வேண்டும். 51-இலிருந்து 19-ஐக் கழித்தால் 32. அது 4-ஆல் மீதியின்றி வகுபடுகிறது, ஆகவே சரி. கழிக்கும்போது ஒன்றாம் இடத்தில் 1-இலிருந்து 9 போகாது, பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். இப்படிப் படுக்கைவாட்டில் எழுதியிருந்தால் நாம் மனதுக்குள் "பதினொண்ணுல ஒம்போது போனா ரெண்டு" என்று சொல்லிக்கொண்டேதான் போடுகிறோம். அதே கணக்கை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், தாளில் போடுவதுபோல மனக்கண்ணில் பார்த்துப் போடுகிறோம். கணக்கில் ஆண்கள்தான் மேல் என்ற பேச்சை நினைவூட்டியபோது, பெண்கள் சறுக்கியது கடன் வாங்க வேண்டிய படுக்கைவாட்டுக் கணக்குகளில்தான். கவலையும் உள்ளுக்குள் பேசுகிற பேச்சுதானே. கணக்கைச் சொல்லிப் பார்க்கும் அதே நாக்கைத்தான் அதுவும் கேட்கிறது.

சுலபமான கேள்விகளில் முத்திரை பயம் பெரிதாகத் தெரியாததற்கும் இதுதான் காரணம். இடம் கொஞ்சமாகத் தேவைப்படும் வேலைக்கு, பாதி இடம் போனாலும் பாதகமில்லை.

அப்ப சுமாராப் படிக்கிற பிள்ளைங்களைத்தான் இது அதிகமாத் தாக்குமா?

கோட்பாட்டின்படி தலைகீழ். அந்தப் பாடத்தில் பெயரெடுக்க வேண்டும் என்று மனதார நினைப்பவரைத்தான் அதிகம் தாக்கும். கணக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றிருப்பவருக்கு இழக்க எதுவும் இல்லை.

இது தாழ்வு மனப்பான்மைதானே? புதுப் பேரு எதுக்கு?

தாழ்வு மனப்பான்மை என்றால் அது ஆளோடு கூடவே வரும், எந்த அறைக்குப் போனாலும் இருக்கும். இது அறையில் இருக்கிறது. அறிமுக வாக்கியத்தை மாற்றினால் போய்விடுகிறது, திரும்ப வைத்தால் வந்துவிடுகிறது.

ஆரன்சனும் மற்றவர்களும் 1999-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்காகவே செய்தது. கணக்கில் நல்ல மதிப்பெண் வைத்திருந்த வெள்ளையின ஆண்களை அழைத்தார்கள். அமெரிக்காவில் கணக்கு விஷயத்தில் இவர்களைப் பற்றித் தாழ்வான பேச்சு கிடையாது. அவர்களில் ஒரு பிரிவினரிடம், ஆசிய மாணவர்கள் ஏன் கணக்கில் முந்துகிறார்கள் என்று ஆராய்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கடினமான தேர்வு வைத்தார்கள். அவர்களுடைய மதிப்பெண்ணும் குறைந்தது. பிறந்ததிலிருந்து யாரும் மட்டம் தட்டாதவர்களுக்கே இந்த நிலைமை.

எல்லாம் அமெரிக்கக் கதையாவே இருக்கே. நம்ம நாட்டுல யாராவது செஞ்சு பார்த்தாங்களா?

பார்த்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் செய்தார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேர். பாதிப் பேர் மேல்சாதி, பாதிப் பேர் தலித். கொடுத்த வேலை, தாளில் வரைந்த புதிர்ப்பாதைக்குள் பென்சிலால் வழி கண்டுபிடிப்பது. பதினைந்து நிமிடம் ஒரு சுற்று. தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ரூபாய்.

அறைக்கு ஆறு சிறுவர்கள், மூன்று பேர் மேல்சாதி, மூன்று பேர் தலித். சாதியைப் பற்றி யாரும் வாய் திறக்காத அறைகளில் இரு பிரிவினரும் கிட்டத்தட்ட ஒரே அளவு புதிர்களைத் தீர்த்தார்கள். இந்த விவரத்தை அழுத்திப் படியுங்கள், திறனில் வித்தியாசம் இல்லை. வேறு அறைகளில், தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பையனுடைய பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்து, "சரிதானே?" என்று கேட்டார்கள். பையன் தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான். தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மேல்சாதிப் பையன்களின் எண்ணிக்கை அங்கே குறையவில்லை.

ஹர்தோய்ல நடந்ததும் முத்திரை பயம்தானா?

முழுக்க அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆராய்ச்சியாளர்களே இன்னொரு காரணத்தையும் தேடினார்கள். புதிரைத் தீர்த்துவிடுவேன் என்று பந்தயம் கட்டச் சிறுவர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். முடிவைச் சொல்லும் பெரியவர் மனம்போல நடந்துகொள்ள இடம் இருந்தபோது, சாதி அறிவிக்கப்பட்ட தலித் சிறுவர்கள் பந்தயம் கட்டத் தயங்கினார்கள். அந்த இடத்தை அடைத்துவிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்தது.

அதாவது, "என்னால் முடியாதோ" என்ற பதற்றத்தோடு, "நான் செய்தாலும் இவங்க கொடுக்க மாட்டாங்க" என்ற கணிப்பும் சேர்ந்திருக்கிறது. முதலாவது செயல் நினைவு சம்பந்தப்பட்டது. இரண்டாவது அனுபவத்திலிருந்து வந்த நியாயமான முடிவு, அதற்குப் பயம் என்று பெயர் வைப்பதே தப்பு. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மருந்து மட்டும் வேறு.

பயத்தை எடுத்துட்டா ரெண்டு பிரிவுக்கும் உள்ள இடைவெளியே மறைஞ்சிடும்னு படிச்சேன். உண்மையா?

இல்லை. இது மிகப் பரவலான தவறு. பால் சாக்கெட்டும் மற்றவர்களும் 2004-இல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள். பாடப்புத்தகங்களும் பத்திரிகைகளும் ஸ்டான்ஃபோர்டு சோதனையைத் தப்பாகச் சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டினார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், ஸ்டான்ஃபோர்டு கட்டுரையின் வரைபடங்களில் இருப்பது நேரடி மதிப்பெண் அல்ல. மாணவர்கள் ஏற்கெனவே கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் எடுத்ததைக் கணக்கில் எடுத்துத் திருத்திய மதிப்பெண். ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். பழைய தேர்வில் ரவி 90, முருகன் 80. அந்த வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் இன்றைய தேர்வில் ரவி 18, முருகன் 16 எடுக்க வேண்டும். அப்படியே எடுத்தார்கள். திருத்திய பின் இருவரும் "சமம்" என்று படத்தில் வரும், ஏனென்றால் இருவரும் எதிர்பார்த்ததையே எடுத்தார்கள். ஆனால் தாளில் 18-ம் 16-ம் அப்படியேதான் இருக்கின்றன. முத்திரை பயம் வந்தால் முருகன் 13-க்கு இறங்குகிறான். அந்த மூன்று மதிப்பெண்தான் பயத்தின் கணக்கு. மேலே இருக்கும் இரண்டு மதிப்பெண் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. பள்ளி, வீடு, புத்தகம், பணம் எல்லாம் அந்த இரண்டுக்குள் இருக்கலாம்.

ஹர்தோயில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தொடக்கமே சமமாக இருந்தது, திருத்தவும் இல்லை.

நிஜப் பரீட்சையில யாராவது அந்தக் கட்டத்தை இடம் மாத்திப் பார்த்தாங்களா?

ஆம். அமெரிக்கத் தேர்வு நிறுவனமான இ.டி.எஸ்.ஸைச் சேர்ந்த லாரன்ஸ் ஸ்ட்ரிக்கர், வில்லியம் வார்ட் இருவரும் செய்து 2004-இல் வெளியிட்டார்கள். பள்ளி மாணவர்கள் கல்லூரி அளவில் எழுதும் ஏ.பி. கால்குலஸ் தேர்வில், சிலரிடம் இனமும் பாலினமும் வழக்கம்போல முன்னால் கேட்கப்பட்டன, சிலரிடம் தேர்வு முடிந்த பிறகு. குறிப்பிடும்படியான விளைவு இல்லை என்பது அவர்கள் முடிவு.

அதே எண்களை எடுத்து டேனஹர், கிராண்டல் என்ற இருவர் 2008-இல் மறுபடி அலசினார்கள். விளைவு சின்னதுதான், ஆனால் தேர்வெழுதுபவர்கள் ஏராளம் ஆயிற்றே, அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளினால் வருஷத்துக்கு 4,700-க்கும் மேற்பட்ட பெண்கள் கூடுதலாகத் தேறுவார்கள் என்றார்கள். இ.டி.எஸ். தரப்பு அதையும் மறுத்தது.

என் கருத்து: கட்டத்தை நகர்த்துவதால் பெரிதாக ஒன்றும் நடக்காததில் ஆச்சரியம் இல்லை. உண்மையான பொதுத்தேர்வில் "உன் திறனை அளக்கிறோம்" என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? ஹால்டிக்கெட்டே அதைச் சொல்லிவிடுகிறது. பயம் இருந்தால், கட்டம் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் அது அறைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. இந்த விளக்கம் எனக்குச் சௌகரியமானது என்பதும் எனக்குத் தெரியும். விளைவே இல்லை என்றாலும் இதே எண்கள்தான் கிடைத்திருக்கும்.

இப்ப இந்த ஆராய்ச்சியே நிக்காதுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. சிறிய சோதனைகளில் விளைவு கிடைத்தால் பத்திரிகையில் வரும், கிடைக்காவிட்டால் மேசை இழுப்பறைக்குள் போகும். அப்படி வெளிவந்தவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தால் விளைவு ஊதிப் பெரிதாகத் தெரியும். பள்ளி மாணவிகளையும் கணக்கையும் பற்றிய ஆய்வுகளில் இந்தக் கோணல் இருப்பதற்கான அடையாளங்களை பவுலெட் ஃப்ளோரும் ஜெல்டே விஹெர்ட்ஸும் 2015-இல் காட்டினார்கள். அப்புறம் அவர்களே மற்றொருவருடன் சேர்ந்து, திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, நெதர்லாந்தில் 2,064 பள்ளி மாணவர்களிடம் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. "ஆண்-பெண் வித்தியாசம் தெரியும் தேர்வு" என்று சொன்னதால் மாணவிகளின் மதிப்பெண் குறையவில்லை.

அதனால் நான் வகுப்பில் சொல்வதை மாற்றிக்கொண்டேன். முன்பு "நிரூபிக்கப்பட்ட உண்மை" என்பேன். இப்போது, கவலை செயல் நினைவைத் தின்னும் என்பதை நம்பலாம், ஒரு வரி நினைவூட்டல் மட்டுமே பெரிய சரிவை உண்டாக்கும் என்பதை நம்பக் கூடாது என்கிறேன். நெதர்லாந்தில் சொன்னது ஒரு வாக்கியம். ஹர்தோயில் நடந்தது, அந்த ஊரில் அந்தப் பையனை அன்றாடம் அளக்கும் விஷயத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் வாசித்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"பொண்ணுங்களும் கணக்குல கெட்டிக்காரங்கதான்"னு பரீட்சைக்கு முன்னாடி சொன்னா நல்லதா?

வேண்டாம். அந்த "உம்" விகுதியே போதும், அப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று ஞாபகப்படுத்த. மேலே எழுத்து நிரப்பும் சோதனையில் பார்த்தது இதைத்தான். வினாத்தாளைக் கொடுத்துவிட்டு நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

சரி சார், நாளைக்கு வகுப்புக்குப் போனா நான் என்னதான் மாத்தணும்?

உங்கள் கையில் இருப்பது சில்லறை விஷயங்கள்தான். வகுப்புத் தேர்வு நாளன்று சாதி, சலுகை சம்பந்தப்பட்ட எந்தப் படிவத்தையும் தேர்வுக்கு முன் நிரப்பச் சொல்லாதீர்கள். விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண்ணை மட்டும் எழுதச் சொல்லித் திருத்துங்கள், அதைப் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துங்கள். ஹர்தோய் பையன்கள் பந்தயம் கட்டத் தயங்கியதற்கு இருந்த காரணத்தில் கொஞ்சமாவது குறையும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் மேற்பார்வைக்குப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு, கணக்கு. தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். அலுவலக உதவியாளர் ஒரு தாளோடு வந்தார். வகுப்பு ஆசிரியர் அதை வாங்கி, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வர்றவங்க எல்லாம் எந்திரிங்க" என்றார். ஏழு பேர் எழுந்தார்கள். தலையை எண்ணிவிட்டு உட்காரச் சொன்னார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பட்டியலைச் சரிபார்த்தார், அவ்வளவுதான். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் உட்கார்ந்த பிறகு அதே கேள்வியை மூன்று தடவை அடித்து எழுதினாள். அவள் என்ன மதிப்பெண் எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. அது எதற்கும் ஆதாரமும் ஆகாது. ஆனால் அந்தத் தாளை இடைவேளையில், வராந்தாவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டும் சரிபார்த்திருக்கலாம்.